என் மனைவியின் ஒன்றே முக்கால் நிமிடம்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு மாடியில் வீடியோ ஸ்டுடியோ கட்டினேன். கடைக்கால் தோண்டும்போது பாறை வந்தது. மேஸ்திரி கைவிரித்தார். நான் விரிக்கவில்லை. இங்கிலீஷில் அச்சடித்த கேமராப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல், படத்தை மட்டும் பார்த்து அந்தக் கேமராவைப் பிரித்து மாட்டினேன். தண்ணீர்க் குழாய், சைக்கிள் பல்சக்கரம், எடைக்கு இரண்டு ஆட்டுக்கல், இவற்றை வைத்து நானே ஒரு கிரேன் செய்தேன். மதுரைக்காரர்கள் வாடகைக்கு எடுத்துவந்த கிரேனைவிட அது ஓர் அடி கூடுதல் உயரம் போகும். கரண்டு போன மண்டபத்தில் ஜெனரேட்டரை இழுத்துத் தாலி கட்டுவதற்குள் விளக்கைப் போட்டிருக்கிறேன். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழநி வரைக்கும் தொண்ணூறுகளில் கல்யாணம் முடித்தவர்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு கேசட் இருக்கும். அதன் அட்டையில் என் ஸ்டுடியோ பெயர் இருக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நான் எழுத உட்கார்ந்தது ஒன்றே முக்கால் நிமிடம் ஓடுகிற ஒரு டிவிடியைப் பற்றி. அது என் மனைவியுடையது.

அவள் பழநிப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் எடிட்டிங்குக்கு வைத்திருந்த ஆள் சொல்லாமல் போய்விட, "நான் வேணா உக்காந்து பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அப்போது எடிட்டிங் என்றால் இரண்டு விசிஆர். ஒன்றில் படம் ஓடும், மற்றொன்றில் பதிவாகும். வேண்டிய இடத்தில் பதிவைத் திறந்து, வேண்டாத இடத்தில் நிறுத்த வேண்டும். பொத்தானை அமுக்கினால் பெட்டி உடனே பதியாது, செத்த நேரம் கழித்துத்தான் பிடிக்கும். அந்த இடைவெளியை அவள் உதட்டுக்குள் எண்ணி எண்ணியே பழகினாள். ஒரு வாரத்தில், ஓடிப்போன ஆளைவிடச் சுத்தமாக வெட்டினாள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதையும் அவளே கற்றுக்கொண்டாள். பதினெட்டு வருஷம் எத்தனையோ பேர் கல்யாணத்தை வெட்டி ஒட்டினாள். எந்தக் கேசட்டிலும் அவள் பெயர் இருந்ததில்லை. அவள் கேட்டதுமில்லை, எனக்குத் தோன்றியதுமில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, கடை காலியாகக் கிடந்தது. சென்னையிலிருந்து ஆவணப்படம் எடுக்கிற ஒரு கூட்டம் சிறுமலையில் மலைவாழை விவசாயிகளைப் படம் பிடிக்க வந்திருந்தது. அவர்களுடைய கேசட் பெட்டி மக்கர் பண்ணியதால் என் கடைக்கு வந்தார்கள். இயக்குநர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், தலையை ஒட்ட வெட்டியிருந்தார். என் மனைவி அவர்களுடைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே, ஒரு விவசாயி பேசுகிற இடத்தைச் சும்மா கை அரிப்புக்கு வெட்டிக் கோத்திருக்கிறாள். அந்தம்மா பின்னால் நின்று பார்த்தார்.

"நீங்க ஃப்ரீலான்ஸா எடிட் பண்ணுவீங்களா? பதிமூணு வாரத் தொடர் ஒண்ணு வருது. ரெண்டு எடிட்டர் தேவைப்படுது. கேசட்ட கூரியர்ல அனுப்புவோம், இங்க இருந்தே பண்ணலாம். ஆனா நான் மட்டும் முடிவெடுக்க முடியாது, மூணு பேர் பாக்கணும். அடுத்த வெள்ளிக்குள்ள ஒரு ஷோரீல் அனுப்புங்க."

செய்த வேலையில் நல்ல துண்டுகளைக் கோத்துக் காட்டுகிற படம்தான் ஷோரீல் என்று பிற்பாடு தெரிந்தது, அன்றைக்கு நாங்கள் இருவரும் கேட்கவில்லை. நான் கௌரவத்தில் கேட்கவில்லை, அவள் கூச்சத்தில் கேட்கவில்லை. அவர் போனதும் அவள் என்னைப் பார்த்தாள். "டிவியில எடிட்டர்னு பேரு போடுவாங்களாமுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், எங்கள் மகள் பிறந்த அன்றைக்கு.

"இந்தா பாரு, நீ கவலப்படாத. அதுல எதப் போடணும், எத முன்னாடி வைக்கணும்னு நான் சொல்றேன். நீ கோத்துக் குடு, அம்புட்டுத்தான்" என்றேன்.

கல்யாண வீடியோவுக்கு எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. முதலில் சாமி. இந்து வீடென்றால் பிள்ளையார், கிறிஸ்தவ வீடென்றால் மாதா, முஸ்லிம் வீடென்றால் அரபு எழுத்து. பிறகு ஸ்டுடியோ பெயர், பிறகு பத்திரிகை, பிறகுதான் ஆட்கள். ஆட்களிலும் பெரியவர்கள் முதலில். ஒரு முகம்கூட விடுபடக் கூடாது. "எங்க பெரிய மாமாவக் காணோமே" என்று கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்ட வீடுகள் உண்டு. அந்தப் பயத்திலேயே தொழில் செய்தவன், ஷோரீலையும் அப்படியே அடுக்கினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் வரிசையாக எழுதினேன். பிள்ளையார், மாதா, அரபு எழுத்து மூன்றும் முதலில். எந்த வாடிக்கைக்காரரும் மனம் கோணக் கூடாது. அடுத்து என் ஸ்டுடியோ பெயர் சுழன்று சுழன்று வந்து வெடிக்கிற கிராபிக்ஸ். மந்திரி வந்த கல்யாணம். அறுபது அடி மண்டபத்தில் என் கிரேன் ஏறி இறங்குகிற ஒரே நீளமான ஷாட். பிறகு கல்யாணத்துக்கு ஒன்று வீதம் இருபது கல்யாணம்.

அவள் கோத்தாள். பதினோரு நிமிஷம் நாற்பது வினாடி வந்தது. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"ஏனுங்க, இதுல நான் எங்கிருக்கறனுங்க?"

"பூராமும் நீதானப்பா! நீதான கோத்த?"

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். டிவிடி எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனேன். அங்கே மாடியில் கேபிள் டிவி நடத்துகிற பாய் எனக்கு இருபது வருஷப் பழக்கம். உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்களைப் பார்த்து, எதை ஓட்டுவது எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்கிறவர். நாளெல்லாம் பிறர் வெட்டியதைப் பார்க்கிற கண். டிவிடியைப் போட்டார். ஒரு கையில் டீ, ஒரு கையில் ரிமோட்.

முதலில் மெனு வந்தது. ரோஜாப்பூ உதிர, பாட்டு ஓட, 'பிளே' பொத்தான் தெரிந்தது. ரிமோட்டில் அமுக்கி அமுக்கிப் பார்த்தார், அவருடைய பிளேயரில் அது நகரவில்லை. "என்னண்ணே, உள்ள விடவே மாட்டேங்குது" என்றார். ஒரு வழியாக உள்ளே போனதும் பிள்ளையார் வந்தார். பாய் பொறுமையாகப் பார்த்தார். மாதா வந்தார். அரபு எழுத்து வந்தது, அதற்கு மட்டும் டீயைக் கீழே வைத்தார். என் ஸ்டுடியோ பெயர் சுழல ஆரம்பித்ததும் ரிமோட்டில் வேகமாக ஓட்டும் பொத்தானை அமுக்கிவிட்டார். என் முன்னாலேயே!

"பாய், நிறுத்துங்க. மந்திரி வாராரு."

"வரட்டும்ணே, ஓட்டத்துலயும் தெரிவாரு."

கிரேன் ஷாட் வந்ததும் நிறுத்திப் பார்த்தார். "அல்லா! கேமரா அருமைண்ணே. யாரு, நீங்களா?"

"பின்ன?"

"இது யாருக்கு வேல கேட்டு அனுப்புறது?"

"எங்க வீட்டுல. எடிட்டிங்கு."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். டீயை முழுவதும் குடித்து முடித்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீக. இத பாத்தா உங்கள வேலைக்குக் கூப்புடுவாக. ஒரு நிமிஷமா கிரேனு ஏறுது, எறங்குது, நடுவுல ஒரு வெட்டு இல்ல. அண்ணி எங்கண்ணே இதுல?"

முந்தின நாள் அவள் கேட்ட அதே கேள்வி. அவரிடமிருந்து டிவிடியைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன். வண்டியை மிதித்தால் ஓடவில்லை. சாவி போடாமலே மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாய்க்குப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

"அவன் கேமரா நல்லாருக்குங்கிறான்" என்றேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"உன்னையக் காணோம்ங்கிறான்."

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது, வெங்காயம் வேறு. கையைக் கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரில் ஒரு பெட்டியைத் திறந்தாள். அதற்கு 'கழிசல்' என்று பெயர் வைத்திருந்தாள். வாடிக்கைக்காரருக்குத் தேவையில்லை என்று நான் தூக்கிப் போடச் சொன்ன துண்டுகளையெல்லாம், வேலை இல்லாத மத்தியானங்களில் தனக்காக வெட்டி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரே அறையில் பதினெட்டு வருஷம்.

முதல் துண்டைப் போட்டாள். சிறுமலை அடிவாரத்துக் கிராமத்தில் எடுத்த கல்யாணம். படம் கோணலாக இருந்தது, ஒரு பக்கம் சாய்ந்து, கீழே பாதி அரிசி மூட்டை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பந்தலுக்குப் பின்னால் ஒரு கேமராவுக்குப் பேட்டரி மாற்றப் போனவன், இன்னொரு கேமராவை அணைக்காமல் மூட்டைமேல் வைத்துவிட்டேன். அது தன் பாட்டுக்கு ஓடியிருக்கிறது. அந்தக் கோணல் படத்துக்குள் பெண்ணின் அப்பா வருகிறார். யாரும் இல்லை என்று நினைத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார். தோள் குலுங்குகிறது. துண்டை எடுக்கிறார், சிரித்துப் பார்க்கிறார். சரியாக வரவில்லை, மறுபடியும் சிரித்துப் பார்க்கிறார். அப்போது கெட்டிமேளம் கேட்கிறது. மேளம் அடிப்பவரைக் காட்டவில்லை, அவர் முகம்தான் இருக்கிறது. சத்தம் முன்னால் வந்துவிட்டது. அதன் பிறகு வெட்டு. மேடையில் அதே மனிதர், அதே சிரிப்போடு, அட்சதை தூவிக்கொண்டிருக்கிறார்.

பதினேழு வினாடி. நான் அந்தக் கல்யாணத்தில் நின்று மூன்று மணிநேரம் எடுத்தேன். கல்யாணம் இந்தப் பதினேழு வினாடியில்தான் இருந்தது.

"இத ஏன் எங்கிட்டக் காட்டல?"

"காட்டுனனுங்க. கோணக் கேமராவ அழிச்சுத் தொலைன்னீங்க."

அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்தோம். நான் எழுதிய பத்திரிகைகளைக் கத்தரித்துச் சீட்டாக்கினாள். ஒரு துண்டுப் படத்துக்கு ஒரு சீட்டு. இருபத்து மூன்று சீட்டைத் தரையில் பரப்பினோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க நகர்த்தினோம்.

"எம்புட்டு நீளம் வைக்க?"

"பாக்கறவிங்களுக்கு அம்பது டிவிடி வந்திருக்குமுங்க. ரெண்டு நிமிசத்துக்கு மேல வேணாமுங்க. இன்னுங் கொஞ்சம் பாக்கலாம்னு தோணறப்பவே முடிஞ்சரோணும்."

"முதல்ல சாமி?"

"சாமிய மனசுல கும்புட்டுக்கலாமுங்க."

முதலில் எது என்பதில் சண்டையே இல்லை, அந்த அப்பாதான். இருப்பதில் சிறந்ததைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்றாள். கடைசிக்கு என்று ஒளித்து வைத்தால், அங்கே வருவதற்குள் பாய் மாதிரி ஆட்கள் ரிமோட்டை அமுக்கிவிடுவார்கள். இரண்டாவது சிறந்ததைத்தான் கடைசியில் வைக்க வேண்டுமாம். மூடும்போது அதுதானே ஞாபகம் இருக்கும்.

மற்றவற்றில் அடிதடி. மந்திரி போனார். "அவரு யாருன்னு சென்னைக்காரவிங்களுக்குத் தெரியுமுங்க. எடிட்டர் யாருன்னு தெரியாதே." சுழன்று வெடிக்கிற கிராபிக்ஸ் போனது. அது விலைக்கு வாங்கிய சிடியில் ரெடிமேடாக வந்தது, அடுத்தவன் செய்ததைத் தன்னுடையது என்று காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் சுமாரானது வெளியே. சந்தேகமாக இருந்தால் அதுவும் வெளியே. ஒரு சொத்தைத் துண்டு இருந்தாலும் அதை வைத்துத்தான் மொத்தத்தையும் எடை போடுவார்கள் என்றாள். எல்லாவற்றையும் ஒரே பாட்டில் போட்டு அடித்துவிடலாம் என்றேன். "பாட்டு ஓடுனா எந்த வெட்டும் நல்லாத்தானுங்க தெரியும். அவிங்க எடுக்கறது மனுசங்க பேசற படம்" என்றாள். அதனால் ஒரு பள்ளி விழாவில் ஓய்வு பெறுகிற டீச்சர் பேசியதை அப்படியே அவர் குரலோடு வைத்தாள். ஆறு நிமிஷம் திக்கித் திக்கிப் பேசியதை இருபத்தைந்து வினாடி ஆக்கியிருந்தாள். ஒட்டு விழுந்த இடத்திலெல்லாம் அவருடைய கையையும் காலி பெஞ்சையும் காட்டி மறைத்திருந்தாள். எங்கே வெட்டினாள் என்று எனக்கே தெரியவில்லை.

டீச்சருக்கு முன்னால், வேகத்துக்காக, பூ மார்க்கெட்டில் எடுத்த ஒரு கடை விளம்பரம். தராசுத் தட்டு விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வெட்டு. டீச்சருக்குப் பின்னால் மாதா சப்பரம் வருகிற தெரு, நிதானமாக. பிறகு என் கிரேன்.

"கிரேனு எம்புட்டு நேரம்?"

"நாலு வினாடிங்க."

"நாலா? ஆட்டுக்கல்லத் தூக்கி வச்சு இடுப்பு புடிச்சுப் போச்சு எனக்கு, நாலு வினாடிங்கிற?"

"பாருங்க." கிரேன் மேலே ஏறுகிற வேகத்திலேயே வெட்டி, ஊஞ்சலில் ஒரு சின்னப் பிள்ளை மேலே போவதில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள். பிள்ளையும் நாலு வினாடி. என் கிரேன் அந்தப் பிள்ளையைத் தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. கிரேன் சீட்டை நானே வரிசையில் வைத்தேன்.

கடைசிச் சீட்டு தவில்காரர். கெட்டிமேளம் முடிந்ததும் கை வலி தாங்காமல் விரல்களை உதறி, கேமராவைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். சிரிப்பு முழுதாக விரிவதற்குள் வெட்டு. கிரேனையும் பிள்ளையையும் ஒன்றாக எண்ணினால், தரையில் மிஞ்சியது ஆறே சீட்டு.

முன்னால் மூன்று வினாடி பெயர்ப் பலகை. கறுப்பில் வெள்ளை எழுத்து. என் ஸ்டுடியோ பெயரைத்தான் அடித்தாள், பழக்கத்தில் கை தானாகப் போனது. அதை அழிக்கச் சொன்னவன் நான். "உம் பேரப் போடு." அடித்தாள். அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஏழு வினாடி, பெயரும் போன் நம்பரும், எழுதி எடுத்துக்கொள்ள நேரம் வேண்டுமே. மொத்தம் ஒன்றே முக்கால் நிமிடம். இந்தத் தடவை மெனு இல்லை, போட்டதும் ஓடும்.

ஆனால் அனுப்பவில்லை. "அந்த அப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்புடிங்க? அவரு யாரும் பாக்கலன்னு நெனச்சு அழுதது" என்றாள். வியாழக்கிழமை. மறுநாள் டிவிடி சென்னையில் இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் முதல் துண்டே போய்விடும், மாற்றிக் கோக்க நேரமில்லை. சொல்லாமல் அனுப்பிவிடலாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் ஏறிவிட்டாள்.

அடிவாரத்து வீட்டில் அவர் வெற்றிலைக் கொடிக்காலில் இருந்து வந்தார். அவர்கள் வீட்டு டிவியில் போட்டோம். பார்த்தார். எழுந்து போய் வாசலில் நின்றார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள், வெளி இடத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை. திரும்பி வந்தார்.

"நான் சிரிச்சது அம்புட்டு கேவலமாவா இருந்துச்சு?"

"இல்லீங்கண்ணா" என்றாள். "அதவிட நல்ல சிரிப்ப நான் வெட்டுனதே இல்லீங்க."

"போட்டுக்க தாயி. எம் மகளுக்கு ஒரு காப்பி குடுத்துரு. கல்லு மாதிரி நின்னாரு அப்பான்னு இன்னமும் சொல்லிக் காட்டுறா."

அன்றைக்குச் சாயங்காலமே நான் பஸ் ஏறி, மறுநாள் காலையில் சென்னையில் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கூரியரை நம்பவில்லை.

பத்து நாள் கழித்து அந்தம்மா போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டோம். வேலை இவளுக்குத்தான். மூன்று பேரில் ஒருவர் வேறு ஏதோ பேசிக்கொண்டே பார்க்க ஆரம்பித்தாராம், அந்த அப்பா துண்டை எடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டாராம். "அந்த முதல் ஷாட் யார் எடுத்தது? அவ்வளவு நெருக்கமா, ஆனா தொந்தரவு பண்ணாம..."

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் இவள். என்னைப் பார்த்தாள். "கேமராவ அணைக்க மறந்துட்டாருங்க."

அந்தப் பக்கம் சிரிப்புத் தாங்கவில்லை. இந்தப் பக்கமும்.

தொடர் ஓடியது. பதிமூன்று வாரமும் அவள் பெயர் டிவியில் போனது. தெருவே வந்து பார்த்தது. பேகம்பூர் பாய் அதை நிறுத்தி, பெயர் தெரிகிற இடத்தில் போட்டோ எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பிறகு அவளுக்கு வேலை நின்றதே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஷோரீலைப் புதுசாக்குகிறாள். பழைய துண்டு போகும், புதுத் துண்டு வரும். என் கிரேன்கூடப் போய்விட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கோணல் ஷாட் மட்டும் இன்னும் முதலில் நிற்கிறது.

அதனால்தான் அவளிடம் ஒன்றை எழுத்தில் கேட்கிறேன், வாயால் கேட்டால் சிரித்துவிடுகிறாள். மறந்தது நான்தான். ஆனால் அந்த மூட்டைமேல், அந்தப் பக்கம் பார்த்து, அந்த உயரத்தில் வைத்தது யார்? கடைசிப் பலகையில் அவள் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் போனாலும் சரி, 'முதல் காட்சி ஒளிப்பதிவு' என்று என் பெயரைப் போட வேண்டும். ஏழு வினாடி கறுப்பு அங்கே சும்மாதானே ஓடுகிறது. என் பெயர் சின்னப் பெயர், இரண்டு வினாடியில் வாசித்துவிடலாம்.